நாளிரா, நாளிரா: தமிழில் அரபுச் சொற்களை அச்சேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாசிரியர்களே, மொழிபெயர்ப்பாளர்களே,

ஸலாமும் வணக்கமும். நான் மெய்ப்புப் பார்க்கிற ஆள். நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு தயாரிப்பதும் என் வேலைதான். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நூல் சில மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. குர்ஆன் வசனம் அரபில் ஒரு வரி, அதன் கீழே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பு, அதற்கும் கீழே விளக்கம். அல்கியாமா அத்தியாயத்தின் 22, 23ஆம் வசனங்கள் இப்படி இருந்தன: "வுஜூஹுன் யவ்மஇதின் நாளிரா. இலா ரப்பிஹா நாளிரா."

ஒரே சொல் இரண்டு முறை தட்டச்சாகிவிட்டது என்று நினைத்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். அடுத்த பக்கம் போனால் விளக்கத்தில் இருந்தது: "நாளிரா என்றால் செழித்தவை என்று பொருள். நாளிரா என்றால் பார்த்துக்கொண்டிருப்பவை என்று பொருள்." சிரித்துவிட்டேன். அப்புறம்தான் மேலே இருந்த அரபு வரியை ஒழுங்காகப் பார்த்தேன். முதலாவது ناضرة, இரண்டாவது ناظرة. நடுவில் இருக்கும் எழுத்து வேறு, வேர் வேறு, பொருளும் வேறு. அந்நாளில் சில முகங்கள் பொலிந்திருக்கும், அவை தம் இறைவனைப் பார்த்திருக்கும் என்பதுதான் வசனம். அடுத்தடுத்த இரண்டு வசனங்களின் ஈற்றில் ஒரே ஒரு எழுத்து மாறுவதே அதன் ஓசை அழகு. அந்த எழுத்தைத்தான் தமிழ் வரி விழுங்கிவிட்டது.

பிழை தட்டச்சு செய்தவருடையது அல்ல. நாம் வழக்கமாகக் கையாளும் முறைப்படி இரண்டுமே நாளிராதான். ஆகவே கேள்வி முறையைப் பற்றியது, அதை முடிவு செய்யக்கூடியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்று பார்க்க இன்னொரு சொல்லையும் பக்கத்தில் வையுங்கள்: نادرة, 'அரிதானவள், அரிதானது'. இது சாதாரண د. மூன்றையும் புள்ளி எதுவும் போடாமல் லத்தீன் எழுத்தில் எழுதினால் முறையே nadira, nazira, nadira என்று வரும். முதலாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் எழுதினால் நாளிரா, நாளிரா, நாதிரா. முதலாவதும் இரண்டாவதும் ஒட்டிக்கொள்கின்றன. லத்தீன் ஒரு பக்கம் ஒழுகுகிறது, தமிழ் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. லத்தீனில் ஓட்டையை அடைக்க ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் இன்னும் எதையும் செய்யவில்லை. அவர்களுடைய புள்ளியை அப்படியே எடுத்து வைத்தால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். அதில் தமிழ் வாசகருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பேசுவது நான்கு எழுத்துகளைப் பற்றி: ص, ض, ط, ظ. ஓதப் பழகியவர்கள் இவற்றைக் கனமாக ஓதவேண்டிய எழுத்துகள் என்று சின்ன வயதிலேயே கேட்டிருப்பார்கள். நாக்கின் முன்பகுதி ஒரு வேலையைச் செய்யும்போதே பின்பகுதி மேலெழுந்து தொண்டைப் பக்கம் இழுபடுகிறது. இதற்கு இத்பாக் என்று பெயர், அதாவது மூடுதல். (இந்தச் சொல்லிலேயே ஒரு ط இருக்கிறது. தமிழில் எழுதியதும் அது காணாமல் போனதைக் கவனித்தீர்களா?) காதுக்கு இந்த வேறுபாடு மெய்யெழுத்தைவிட உயிரில்தான் அதிகம் தெரியும். سيف என்றால் வாள், صيف என்றால் கோடை. முதலாவதில் அகரம் ஏகாரத்தின் பக்கம் சாய்ந்து மெலிந்து ஒலிக்கும். இரண்டாவதில் அதே அகரம் ஒகரத்தின் பக்கம் போய்க் கனத்துவிடும். தமிழில் இரண்டுக்கும் ஸைஃப் என்றுதான் எழுதுகிறோம்.

லத்தீன் எழுத்தில் இந்த நான்கையும் ṣ, ḍ, ṭ, ẓ என்று அடியில் புள்ளி வைத்து எழுதுவது பரவலான வழக்கம். 1982இல் வந்த ஜெர்மானியத் தரமான டின் 31635, 1984இல் வந்த ஐஎஸ்ஓ 233, அமெரிக்க நூலகங்களின் பட்டியல் முறை எல்லாம் மற்ற எழுத்துகளில் சண்டை போட்டாலும் இந்த நான்கில் ஒத்துப்போகின்றன. ஊர்ப்பெயர்களுக்காக அமெரிக்க, பிரித்தானிய அமைப்புகள் 1956இல் வகுத்த முறை மட்டும் புள்ளிக்குப் பதிலாக எழுத்தின் கீழே ஒரு சிறு வால் வைக்கிறது: ş, ţ என்று. துருக்கிய மொழியில் அந்த ş ஷகரம். வரைபடத்தில் பார்த்த பெயரை அப்படியே நகலெடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கணினியில் அரபை ஆய்கிறவர்கள் பக்வால்டர் முறையில் பெரிய எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். S, D, T, Z என்றால் கனத்தவை, சின்ன எழுத்து என்றால் சாதாரணமானவை. அதன்படி நம் இரண்டு சொற்களும் `nADrp`, `nAZrp`. கணினிக்கு நல்லது, நூலுக்கு ஆகாது. தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் எல்லாமே கனத்துப்போகும். கைபேசியில் அரட்டை அடிக்கும் இளைஞர்கள் ص இருக்குமிடத்தில் 9, ط இருக்குமிடத்தில் 6 என்று தட்டுகிறார்கள். எண்ணின் வடிவம் எழுத்தின் வடிவத்தைப் போல இருப்பதுதான் காரணம். புத்தகத்துக்கு இதுவும் உதவாது, ஆனால் ஒன்றைக் காட்டுகிறது. இந்த எழுத்துகளைப் பிரித்துக் காட்டாமல் எழுதுவது அரபு பேசுகிறவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கிறது.

சரி, இப்போது அந்தப் பள்ளம். நம் நாட்டு மொழிகளை லத்தீனில் எழுதும்போதும் அடியில் புள்ளி வைக்கிறோம். அங்கே புள்ளிக்கு வேறு பொருள், நாவை மடித்து ஒலிப்பது. ஐஎஸ்ஓ 15919 தரத்தின்படி ṭ என்றால் ட, ṣ என்றால் ஷ. தமிழ் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவர் கையில் ṭahāra என்ற சொல்லைக் கொடுத்தால் 'டஹாரா' என்பார், ṣalāt என்று கொடுத்தால் 'ஷலாத்' என்பார். அவர் மேல் தப்பில்லை. ஒரே புள்ளி, இரண்டு துறைகள், இரண்டு பொருள்கள். ஒரு மொழிபெயர்ப்பில் ṭīn என்பதை 'டீன்' என்று எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன். மொழிபெயர்த்தவர் அரபு படிக்காதவர். ஆங்கில நூலிலிருந்து புள்ளியைப் பார்த்து நேர்மையாக வேலை செய்திருந்தார். ஆகவே உங்கள் நூலில் புள்ளி வைத்த லத்தீன் வருகிறதென்றால், அந்தப் புள்ளி டகரத்தையோ ஷகரத்தையோ குறிக்கவில்லை என்று முன்பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒரு வரி போதும். கூடவே இன்னொன்று: ḥ என்பதிலும் புள்ளி உண்டு, ஆனால் அது கனத்த எழுத்து அல்ல. ه என்ற எழுத்திலிருந்து ح எழுத்தைப் பிரித்துக் காட்டத்தான் அங்கே புள்ளி.

புள்ளி வைக்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய குறை, பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது. முதல் இயலில் எல்லாம் சரியாக இருக்கும், மூன்றாம் இயலில் பாதி உதிர்ந்திருக்கும், அடிக்குறிப்பில் ஒன்றும் இருக்காது. புள்ளியே இல்லாத நூலை வாசகர் எச்சரிக்கையாகப் படிப்பார். பாதிப் புள்ளி உள்ள நூல் அவரை ஏமாற்றும். புள்ளியில்லாத s எதிரில் வந்தால் அது س என்று நம்பிவிடுவார், உண்மையில் அது தட்டச்சில் விடுபட்ட ṣ ஆக இருக்கும். வைத்தால் எல்லாவற்றுக்கும் வையுங்கள், முடியாவிட்டால் ஒன்றுக்கும் வைக்காதீர்கள்.

அரைகுறையைக் கண்டுபிடிக்க அரபு தெரியாத மெய்ப்பாளருக்கும் ஒரு வழி உண்டு. முஸ்தஃபா என்ற பெயரைத் தேடுங்கள். சரியான வடிவம் Muṣṭafā, இரண்டு புள்ளி. இதன் வேர் ص ف و. 'தேர்ந்தெடுத்தல்' என்ற பொருள் தரும் வினைவடிவத்தில் வேரின் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு ت நுழைகிறது. முன்னால் ص போன்ற கனத்த எழுத்து இருந்தால் அந்த ت தானும் கனத்து ط ஆகிவிடும். இது இலக்கண விதி. ஆகவே இந்த வடிவத்தில் வரும் சொற்களில் ṣ பக்கத்தில் புள்ளியில்லாத t நிற்கவே முடியாது. Muṣtafā என்றோ Musṭafā என்றோ கண்ணில் பட்டால், அந்த நூலில் புள்ளிகள் கண்ணால் பார்த்து வைத்தவை, அரபைப் பார்த்து வைத்தவை அல்ல என்று முடிவு செய்துவிடலாம். iṣṭilāḥ (கலைச்சொல்), iḍṭirār (நிர்ப்பந்தம்) ஆகியவற்றிலும் இதே சோதனை செல்லும். மூன்று சொற்களைத் தேட ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் எந்த நூலை எடுத்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

இனித் தமிழுக்கு வருகிறேன். ض எழுத்துக்கு நாம் ள போடுகிறோமே, அது அரபு தெரியாதவர்கள் செய்த கொச்சை என்று பலர் நினைக்கிறார்கள். சமீபகாலமாக 'ரமளான்' என்பதைத் திருத்தி 'ரமதான்' ஆக்குகிற ஆர்வமும் கூடியிருக்கிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

இன்று அரபு நாட்டுச் செய்தி வாசிப்பாளர் ض சொல்லும்போது கனத்த தகரம், அதாவது ḍ, கேட்கிறது. ஆனால் எட்டாம் நூற்றாண்டில் அரபு இலக்கணத்தை வகுத்த சீபவைஹி இதன் பிறப்பிடத்தை வேறு மாதிரி சொல்கிறார்: நாக்கின் பக்கவாட்டு ஓரத்துக்கும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களுக்கும் இடையே. லகர ளகரங்களைச் சொல்லிப் பாருங்கள், காற்று நாக்கின் பக்கவாட்டில்தான் போகிறது. இன்னொரு இடத்தில் அவர் சொல்வது எனக்கு மிகப் பிடித்தது: இத்பாக் மட்டும் இல்லாவிட்டால் ط வெறும் د ஆகியிருக்கும், ص வெறும் س ஆகியிருக்கும், ظ வெறும் ذ ஆகியிருக்கும், ض மட்டும் மொழியைவிட்டே போயிருக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் பிறக்கும் வேறு எழுத்து கிடையாது. அதாவது அன்றைக்கு அது தகரத்தின் கனத்த வடிவமாக இருக்கவில்லை, தனி ஒன்றாக இருந்தது. அரபை 'ளாத் எழுத்தின் மொழி' என்று அரபிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதை ஒட்டித்தான்.

قاضي என்ற சொல் ஊர் ஊராகப் போன கதையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு ஆவணம் 'தலைமை காஜி' என்கிறது. பாரசீக, உருது வழியில் ض இசட் ஒலியாகி, நமக்கு அந்த ஒலி இல்லாததால் ஜகரமாகி வந்த வடிவம் அது. இலங்கையில் 'காதி நீதிமன்றம்' என்கிறார்கள், 'காழி' என்றும் எழுதுகிறார்கள். காதி இன்றைய அரபு ஒலிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது, காழி பழைய பக்கவாட்டு ஒலியை நினைவூட்டுகிறது. ஸ்பெயினுக்குப் போன அதே சொல், முன்னால் இருக்கும் 'அல்' சேர்ந்து, alcalde ஆயிற்று. இன்று அங்கே அதற்கு நகரத் தலைவர் என்று பொருள். அந்தச் சொல்லின் நடுவில் d எழுத்துக்கு முன்னால் ஒரு l நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அல் கொடுத்த l முன்னாலேயே இருக்கிறது. இது இரண்டாவது l, ض எழுத்துக்குள்ளிருந்து வந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டு கடற்கரைகளில் கேட்ட காதுகள் அந்த எழுத்தில் லகரச் சாயலைக் கேட்டிருக்கின்றன. மலையாளிகளும் ளகரம் போட்டு ரமளான் என்று எழுதுவதுண்டு.

ஆகவே ள நமக்குக் கிடைத்த பழைய சொத்து, அதைத் திருத்தவேண்டாம். நடைமுறையிலும் அதற்கு ஒரு நன்மை உண்டு. ضلّ என்றால் வழிதவறினான், دلّ என்றால் வழிகாட்டினான். தகரம் போடும் புதிய முறையில் இரண்டும் 'தல்ல' ஆகிவிடும். வழிதவறியவனும் வழிகாட்டியவனும் ஒன்றாகிவிடுகிற எழுத்துமுறையை எப்படித் திருத்தம் என்று சொல்வது? ளகரம் போட்டால் ளல்ல, தல்ல என்று தெளிவாகப் பிரிகின்றன. புள்ளியில்லாத லத்தீனுக்கு இல்லாத வசதி இது.

கோளாறு ள இன்னொரு வேலையையும் தலையில் போட்டுக்கொண்டதில்தான் இருக்கிறது. ظ எழுத்துக்கும் அதையே எழுதுகிறோம். அளீம், ளுல்ம், ஹாஃபிள், நாளிரா. ஓதும் முறைப்படி ظ என்பது ذ எழுத்தின் கனத்த வடிவம், நுனிநாக்கு பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். லத்தீனில் அதற்கு ẓ என்று இசட்டில் புள்ளி வைத்ததே பாரசீக, துருக்கிய, எகிப்திய நகர ஒலிப்புகளின் சாயல்தான், அதுவும் முழுச் சரியில்லை. ஆனாலும் ḍ வேறு ẓ வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அது போதும்.

நான் கேட்பது இதுதான்: ض இருந்தால் ள, ظ இருந்தால் ழ. நம் கையில் இரண்டு எழுத்து இருக்கும்போது இரண்டு ஒலியையும் ஒரே எழுத்தில் ஏன் திணிக்கவேண்டும்? அப்படிச் செய்தால் அந்த வசனங்கள் 'நாளிரா', 'நாழிரா' என்று வரும். தட்டச்சு செய்பவர் ஒன்றை அழிக்கமாட்டார், நானும் கேள்விக்குறி போடமாட்டேன். حظّ (பங்கு, பேறு) ஹழ் ஆகும், حضّ (தூண்டுதல்) ஹள் ஆகும். முன்பக்கத்தில் இவ்வளவு போட்டால் போதும்:

```
ص   ṣ   ஸ
ض   ḍ   ள
ط   ṭ   த
ظ   ẓ   ழ
```

இதற்கு எதிராக வரக்கூடிய பேச்சு எனக்குத் தெரியும். இலங்கையில் ரமழான், வுழூ என்று ض எழுத்துக்குத்தானே ழ போடுகிறார்கள் என்பீர்கள். உண்மை. அங்குள்ள பதிப்பகங்கள் அட்டவணையைத் தலைகீழாக்கி ض இருந்தால் ழ, ظ இருந்தால் ள என்று வைத்துக்கொள்ளட்டும். எந்த எழுத்து எதற்கு என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது, ஒரு நூலுக்குள் மாறக்கூடாது, எது எதற்கு என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும், அவ்வளவுதான். பலர் வாயில் ள, ழ இரண்டும் ஒன்றாகத்தானே ஒலிக்கின்றன என்று இன்னொரு கேள்வி வரும். ஒலிக்கட்டும். ழகரத்தை எவ்வளவு சுத்தமாகச் சொன்னாலும் அது ظ ஆகப்போவதில்லை. ஓதும் உச்சரிப்பை ஆசிரியரிடம்தான் கற்கமுடியும், தமிழ் எழுத்தைப் பார்த்துக் கற்கமுடியாது. இங்கே எழுத்து செய்கிற வேலை ஒரு அடையாளத்தைக் காப்பாற்றுவது: தமிழ் வரியைப் பார்த்து அரபுச் சொல்லைத் திரும்ப எழுத முடியவேண்டும்.

லுஹர் தொழுகையை 'ழுஹர்' என்று எழுதச் சொல்வீர்களா என்றால், மாட்டேன். தமிழில் ளகரமும் ழகரமும் சொல்லுக்கு முதலில் வராது. நம் முன்னோர் அந்த இடத்தில் லகரத்தைப் போட்டு லுஹர் என்று சொல்லித் தமிழாக்கிவிட்டார்கள். பர்ளு, ஒளூ, காஜி, ரமலான் எல்லாம் இப்படி வீட்டுச் சொற்களாகிவிட்டவை. இவற்றை அட்டவணைக்குள் இழுக்கவேண்டாம். நூலின் தொடக்கத்தில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே வையுங்கள். நான் ஒரு நூலுக்குச் சொல்லடைவு செய்தபோது ரமலான், ரமளான், ரமழான், ரமதான், ரம்ஜான் ஐந்தும் இருந்தன. 'ரம' என்று தொடங்குவதால் பக்கத்தில் பக்கத்திலாவது வந்தன. காஜி, காதி, காளி மூன்றும் அகரவரிசையில் சிதறிவிட்டன. ஒரே ஆள் மூன்று பேர் ஆனார். அட்டவணை பொருந்துவது அரபுச் சொல்லை அரபாகவே மேற்கோள் காட்டும் இடங்களுக்கு: வசனங்கள், வேர்ச்சொல் விளக்கங்கள், கலைச்சொற்கள், நூல் தலைப்புகள்.

ص, ط இரண்டுக்கும் என்னிடம் இப்படிப்பட்ட எளிய விடை இல்லை. ஸ ஏற்கெனவே ث, س, ص மூன்றையும் சுமக்கிறது, பலர் ز எழுத்தையும் அதன் மேலேயே ஏற்றுகிறார்கள். தகரம் சுமப்பது ت, ط, د, ذ நான்கையும். دين மார்க்கம், تين அத்திப்பழம், طين களிமண், மூன்றும் தமிழில் தீன். 95ஆம் அத்தியாயமான அத்தீன் மார்க்கத்தைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்த வாசகர்களைப் பார்த்திருக்கிறேன். (அத்தீன் என்ற சொல்லிலேயே தற்செயலாக ஒரு அத்தி ஒளிந்திருக்கிறது. நினைவில் வைக்க உதவும்.) நஸ்ர் இதைவிட மோசம். 110ஆம் அத்தியாயத்தின் பெயரான நஸ்ர், ص போட்டது, உதவி என்று பொருள். 71ஆம் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தில் வரும் நஸ்ர், س போட்டது, நூஹ் நபியின் மக்கள் வணங்கிய ஒரு சிலையின் பெயர். சொல்லடைவில் இரண்டும் ஒரே பதிவுக்குள் போய் உட்கார்ந்ததைக் கண்டுபிடித்தபோது வயிற்றைக் கலக்கியது.

வடமொழித் தோத்திர நூல்களில் க², க³ என்று எண் போடுவதுபோல ஸ², த² என்று போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். செய்து பார்த்தோம். ஒரு பக்கம் அச்செடுத்தால் கணக்குப் புத்தகம் மாதிரி இருந்தது. அதோடு வாசகர்கள் அந்த எண்ணை அடிக்குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தின் கீழே தேடினார்கள். தமிழ் எழுத்தின் அடியிலேயே லத்தீன் புள்ளியை வைத்தும் பார்த்தோம். ஸு, து போன்றவற்றில் புள்ளி உகரக் கொம்போடு மோதியது, எழுத்துருவை மாற்றினால் புள்ளி வேறு இடத்துக்கு நகர்ந்தது. ஆகவே ஸகரத்துக்கும் தகரத்துக்கும் தொடர் உரையில் எந்த அடையாளமும் வேண்டாம் என்பது என் கருத்து. சொல் முதல்முறை வரும் இடத்தில் அடைப்புக்குள் அரபு வடிவத்தைப் போடுங்கள், சொல்லடைவில் புள்ளி வைத்த லத்தீனையும் சேர்த்துப் போடுங்கள்: நஸ்ர் (نصر, naṣr), நஸ்ர் (نسر, nasr). இரண்டு தனிப் பதிவுகள். தமிழ் எழுத்தால் முடியாததை அதன் மேல் ஏற்றவேண்டாம், முடிந்ததை மட்டும் ஒழுங்காகச் செய்ய வைப்போம்.

பக்கம் வடிவமைப்பவர்களிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி. ḍ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கும். ஒன்று, `U+1E0D` என்ற ஒற்றை எழுத்து. மற்றது, சாதாரண d, அதன்பின் `U+0323` என்ற ஒட்டுப்புள்ளி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சில மென்பொருள்களில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது, அகரவரிசையிலும் பிரிந்துவிடும். பல பேர் தட்டச்சு செய்த இயல்களைச் சேர்க்கும்போது இது கட்டாயம் நடக்கும். கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி போதும்:

```
text = unicodedata.normalize("NFC", text)
```

பைத்தானில் முதலில் `import unicodedata` என்று எழுதவேண்டும். இதைச் செய்தபிறகு சொல்லடைவு எடுங்கள், முன்னால் அல்ல. எழுத்துருவில் ẓ இல்லாவிட்டால் கணினி அந்த ஒரு எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். தடிமனும் உயரமும் மாறி அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தலைப்பு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ṣ ḍ ṭ ẓ ḥ ஐந்தையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். அட்டை அச்சான பிறகு பார்த்துப் பயனில்லை.

நான் தொடக்கத்தில் சொன்ன நூல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. 23ஆம் வசனத்தில் நாழிரா என்று மாற்றி, மேலே உள்ள நான்கு வரி அட்டவணையை முன்பக்கத்தில் சேர்க்கச் சொல்லி மெய்ப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "ழகரம் வாசகருக்குப் புதிதாக இருக்குமே, ள போதாதா?" என்று பதில் வந்திருக்கிறது. உங்களில் யாராவது ஏற்கெனவே இப்படிப் பிரித்து எழுதி நூல் போட்டிருந்தால், ظ எழுத்துக்கு எதை வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ழ வேண்டாம் என்கிறவர்கள் அதற்குப் பதிலாக எதை வைப்பது என்றும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புப் பார்க்கும் ஒருவர்